ஸ்லிப், கல்லி, பாயிண்ட், மிட்-ஆன்: ஒரே பந்துக்கு நான்கு இடங்கள்

களத்தடுப்பு இடங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, மட்டையில் பட்ட பந்து எந்தக் கோணத்தில் விலகிச் செல்கிறது என்று கவனிப்பது புதியவருக்கு எளிது. வலக்கை மட்டையாளர் ஒரு கடிகாரத்தின் நடுவில் நிற்பதாகக் கொள்வோம். பந்துவீச்சாளர் வரும் திசை 12, விக்கெட் கீப்பர் நிற்பது 6. அப்போது 3 மணித் திசை பாயிண்ட், ஏறத்தாழ 4 மணித் திசை கல்லி, கீப்பருக்கு அருகே 6-ஐ ஒட்டியிருப்பது ஸ்லிப். இந்த மூன்றும் மட்டையாளரின் மார்பு நோக்கியிருக்கும் ஆஃப் சைடில் உள்ளவை. மிட்-ஆன் மட்டும் அவருடைய முதுகுப்புறமான லெக் சைடில், 11 மணித் திசையில், பந்துவீச்சாளருக்குப் பக்கத்தில் அமைகிறது. இடக்கை மட்டையாளர் வந்தால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் மாறும்.

ஸ்லிப்பில் நிற்பவர் எதிர்பார்ப்பது மட்டையின் விளிம்பை மெல்லத் தொட்டு, திசை சற்றே மாறி வரும் பந்தை. அந்தப் பந்தின் வேகம் பெரும்பாலும் பந்துவீச்சாளர் கொடுத்த வேகமே. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 15 மீட்டர் தூரத்தைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. எனவே இங்கே ஓட்டத்திறன் பயன்படாது. குனிந்த நிலையில் அசையாமல் இருக்கும் தலையும், பந்தை எதிர்த்துத் தள்ளாமல் உள்வாங்கும் கைகளுமே பயன்படும். எவ்வளவு பின்னால் நிற்பது என்பதற்குக் கீப்பரே அளவுகோல். பந்துகள் அவர் இடுப்புயரத்துக்கு வந்தால் தூரம் சரி. அவர் கணுக்கால் அருகே எடுக்கத் தொடங்கினால் ஸ்லிப்பில் இருப்பவர்களும் அவரோடு சேர்ந்து முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் விளிம்பில் பட்ட பந்து அவர்களுக்கு முன்னாலேயே தரையில் விழும்.

கல்லி இதற்கு நெருங்கிய உறவு என்றாலும், அங்கே வரும் பந்து வேறு வகையானது. மட்டையாளர் பின்காலில் சென்று வெட்டி ஆட முயலும்போதோ, முன்னே நீட்டித் தடுக்கும்போதோ பந்து தடித்த விளிம்பில் பட்டால், அது ஸ்லிப்பைவிட அகலமாகப் பறக்கும். சில வேளை மட்டையின் முழு வலிமையும் அதில் சேர்ந்துகொள்ளும். பந்து சுழன்றபடி வளைந்தும் வரும். என் பார்வையில் நான்கிலும் கடினமான இடம் இதுதான்.

2015 ஆகஸ்ட் 6 அன்று ட்ரெண்ட் பிரிட்ஜில் இங்கிலாந்துக்கு எதிராக ஆஸ்திரேலியா 60 ஓட்டங்களுக்குச் சுருண்டபோது, ஸ்டூவர்ட் பிராட் வீசிய பந்து ஆடம் வோஜஸின் விளிம்பில் பட்டுப் பறந்தது. ஐந்தாவது ஸ்லிப் என்றும் கல்லி என்றும் சொல்லத்தக்க இடத்தில் நின்ற பென் ஸ்டோக்ஸைப் பந்து ஏறக்குறைய கடந்தே விட்டது. அவர் வலப்பக்கம் பாய்ந்து, பின்னோக்கி நீட்டிய ஒரே கையில் அதைப் பிடித்தார். அன்று பந்து தொடர்ந்து விளிம்பைத் தேடியதால் அந்த இடத்தில் ஆள் நிறுத்தியது பலித்தது. பந்து பழசாகி அசைவை இழந்த பிறகு அதே ஆளை அங்கேயே வைத்திருந்தால், பாயிண்டுக்கும் பந்துவீச்சாளருக்கும் இடைப்பட்ட கவர் பகுதியில் இடைவெளி விழுந்து ஓட்டங்கள் கசியும்.

அந்த நிலையில் அணித்தலைவர் கல்லியில் இருப்பவரைப் பாயிண்டுக்கு நகர்த்துவதைப் பார்க்கலாம். பாயிண்டில் நிற்பவரின் முதல் வேலை கேட்ச் அன்று. வெட்டி ஆடிய பந்தைத் தடுத்து ஓட்டத்தை மறுப்பது. ஒருநாள் போட்டிகளில் இங்கே வேகமான கால்கள் தேவைப்படுவதும் அதனால்தான். 1992 உலகக் கோப்பையில் பிரிஸ்பேனில், பாயிண்டுக்குச் சற்றுப் பின்னே நின்ற தென்னாப்பிரிக்காவின் ஜான்டி ரோட்ஸ் பந்தை எடுத்து, எறியாமல் ஓடிவந்து உடலோடு ஸ்டம்புகள்மேல் பாய்ந்து பாகிஸ்தானின் இன்சமாம்-உல்-ஹக்கை ரன் அவுட் செய்தார். ஓட முயன்ற மட்டையாளர் திருப்பி அனுப்பப்பட்ட அந்தக் கணத்தில், ஸ்டம்புக்குப் பக்கவாட்டில் நிற்கும் இந்த இடமே ரோட்ஸுக்கு வழியைக் குறைத்துத் தந்தது.

மிட்-ஆன் இவை மூன்றிலிருந்தும் விலகியது. இங்கே விளிம்பில் பட்ட பந்துகள் அரிதாகவே வரும். மட்டையின் முழு முகத்தால் நேராக அடிக்கப்பட்ட பந்துகளே வரும். பந்து கண்ணுக்கு நேரே வருவதால் அது எவ்வளவு உயரம் எழுகிறது, எங்கே விழும் என்று கணிப்பது சிரமம். புதியவர்கள் முன்னே ஓடிவிட்டுத் தலைக்கு மேலே போவதைப் பார்த்து நிற்பது இதனால்தான். முதல் அடி வைக்கும் முன் ஒரு கணம் காத்திருந்தால் இந்தப் பிழை குறையும். அதோடு, எறியப்பட்ட பந்து பந்துவீச்சாளர் முனை ஸ்டம்பைத் தாண்டிப் போகும் வேளைகளில் அதன் பின்னால் சென்று தாங்குவதும் மிட்-ஆனில் நிற்பவரின் கடமை.

முதன்முறை களமிறங்குபவரை நான் மிட்-ஆனில்தான் நிறுத்துவேன். அங்கே பந்தைக் காண நேரம் கிடைக்கும். ஆட்டத்தைப் பார்த்துக் கற்பவர் கல்லியைக் கவனிக்கட்டும். அங்கே ஆள் வந்தால் பந்து அசைகிறது என்று அணித்தலைவர் நம்புகிறார். அந்த ஆளை எடுத்துவிட்டால் ஓட்டத்தைத் தடுக்க முடிவு செய்துவிட்டார்.