வீட்டுக்கு வந்து பணம் எடுத்துத் தருபவர் "விரல் விழலை, இன்னொரு தடவை வைங்க" என்றால் கவனம்

பக்கவாதம் வந்து அப்பா படுக்கையோடு இருக்கிறார். அவருடைய ஓய்வூதியக் கணக்கு ஒரு பொதுத்துறை வங்கியில் இருக்கிறது. வங்கியின் முகவர் என்று ஏரியாவில் அறிமுகமான ஒருவர் கைரேகைக் கருவியோடு வீட்டுக்கு வந்து பணம் எடுத்துத் தருவார். அன்று 5,000 ரூபாய் எடுக்க வந்தவர் அப்பாவின் கட்டைவிரலைக் கருவியில் வைத்தார். "ரேகை விழலைம்மா, தேய்ஞ்சு போச்சு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த விரலை வைத்தார். பிறகு 5,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். "பேப்பர் ரோல் தீர்ந்துடுச்சு" என்று சொல்லி ரசீது தரவில்லை.

பாஸ்புக் பதியக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, அதே நாளில் இரண்டு பற்றுகள்: முதலில் 10,000, அடுத்து 5,000. விழவில்லை என்று சொன்ன அந்த முதல் ரேகை விழுந்திருக்கிறது. குறுஞ்செய்தி, எப்போதோ செயலிழந்துபோன அப்பாவின் பழைய எண்ணுக்குப் போயிருக்கிறது. கிளையில் கேட்டால், "கைரேகை உங்க அப்பாவுடையதுதானே சார்?" என்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைத் தேர்ந்தெடுத்து ஏமாற்றியவனை விட, இந்தப் பதில்தான் எனக்கு அதிகம் வலித்தது.

ஆதார் வழியாகப் பணம் எடுக்கும்போது ஓடிபி கிடையாது, பின் நம்பர் கிடையாது. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் மூன்றும் போதும். ஒரே தடவையில் 10,000 ரூபாய் வரை போய்விடும். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்து உண்மையிலேயே பல தடவை விழாது என்பதால், பொய் சொன்னாலும் யாருக்கும் சந்தேகம் வராது. எனவே விரல் வைப்பதற்கு முன் திரையைக் காட்டச் சொல்லுங்கள். இருப்பு பார்ப்பதா, பணம் எடுப்பதா, எவ்வளவு தொகை என்று அதில் இருக்கும். தோல்வி என்றால் அதற்கும் சீட்டு கேளுங்கள். சீட்டு தராமல் இரண்டாவது விரல் வேண்டாம். அதற்கு முன் வங்கியின் மிஸ்டு கால் எண்ணில் இருப்பைப் பார்த்துவிடுங்கள். இதற்கெல்லாம் இப்போது பயன்பாட்டில் உள்ள எண் கணக்கில் பதிவாகியிருக்க வேண்டும்.

சரி, முறையான வழி என்ன? 70 வயதைக் கடந்தவர்களுக்கும், மருத்துவச் சான்று பெற்ற நீண்டகால நோயாளிகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பணம் எடுத்துத் தருவது, செலுத்த வாங்கிப்போவது, டிடி கொண்டு வந்து தருவது, கேஒய்சி ஆவணங்களையும் ஆயுள் சான்றையும் பெற்றுக்கொள்வது எல்லாம் இதில் அடக்கம். கணக்கு உள்ள கிளையில் எழுதிக்கொடுத்துப் பதிவு செய்யுங்கள். பொதுத்துறை வங்கிகளுக்கு 2020 முதல் பொதுவான கால் சென்டரும் செயலியும் இருக்கின்றன. அந்த எண்ணை வங்கியின் சொந்த இணையதளத்தில் பார்த்தோ கிளையில் கேட்டோ குறித்துக்கொள்ளுங்கள், கூகுளில் தேடி முதலில் வருவதைக் கூப்பிடாதீர்கள். பதிவு செய்தால் உங்களுக்கு ஒரு சேவைக் குறியீடு வரும். வருபவர் சொல்லும் குறியீடு அதோடு ஒத்துப்போன பிறகுதான் காசோலையோ விரலோ தர வேண்டும். சேவைக் கட்டணம் உண்டென்றால் கணக்கிலேயே பிடித்துக்கொள்வார்கள், வருபவர் கையில் தர வேண்டியதில்லை.

ரேகை நிஜமாகவே விழாவிட்டால் கருவியோடு மல்லுக்கட்ட வேண்டாம். படுக்கையில் இருப்பவர் பணம் எடுக்கும் படிவத்தில் கைநாட்டோ கால் கட்டைவிரல் ரேகையோ வைக்கலாம், வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அதை அடையாளம் காட்ட வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. ரேகையும் வைக்க முடியாதவர் ஒரு குறி போட்டாலும் செல்லும். பணத்தை யார் வாங்குவார் என்பதையும் அதே சாட்சிகள் முன் குறிப்பிடலாம். இதைச் சொன்னபோது எங்கள் கிளையில் "ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டு வந்துடுங்க" என்றார்கள். எழுத்தில் கேட்டேன், பதில் எழுத்தில் வேண்டும் என்றேன். அப்புறம்தான் அதிகாரி வீட்டுக்கு வந்தார்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வேறொருவரால் போன பணம் என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை என்பது விதி. 30 நாட்களில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எங்கள் புகார் இப்போது அங்கேதான் இருக்கிறது. அப்பாவின் ஆதார் கைரேகையை mAadhaar செயலியில் பூட்டி வைத்துவிட்டோம். தேவைப்படும்போது மட்டும் நானே திறக்கிறேன்.