டிரேட்மார்க் சான்றிதழும் பேட்டண்ட் சான்றிதழும்: எதை நம்பிப் பணம் கொடுக்கலாம்?

பேரணாம்பட்டில் செருப்பு தைக்கும் சின்ன யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வந்து இரண்டு சான்றிதழ்களை மேசைமேல் வைக்கிறார். ஒன்று பிராண்ட் பெயருக்கான டிரேட்மார்க், மற்றது குதிகால் வலிக்காத அடிப்பாகத்துக்கான பேட்டண்ட். "பாய், இருபது வருஷம்னு அச்சடிச்சே இருக்கு, பாருங்க" என்கிறார். ஜோடிக்கு இவ்வளவு என்று ராயல்டியும் கேட்கிறார். கதை கற்பனைதான். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழில் உள்ள எந்த ஊரிலும் இது நடக்கலாம்.

முதலில் பேட்டண்ட். இருபது வருஷம் என்பது உண்மைதான், விண்ணப்பத் தேதியிலிருந்து கணக்கு. ஆனால் அதே தாளின் அடியில், இது உயிரோடு இருக்கவேண்டுமானால் புதுப்பிப்புக் கட்டணம் இன்ன தேதியில், பின்பு ஆண்டுதோறும் அதே நாளில் கட்டவேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். அதை யாரும் விரலால் சுட்டிக் காட்டுவதில்லை.

விண்ணப்பம் 2014 ஜூன் 12 என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் ஆண்டுக்கான கட்டணத்தை 2022 ஜூன் 12-க்குள் கட்டவேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு ஆறு மாதம் அவகாசம் உண்டு, அதாவது டிசம்பர் 12 வரை. அதுவும் போனால் ஜூன் 12-ஆம் தேதியோடே பேட்டண்ட் செத்துவிட்டது என்று கணக்கு. மீட்க விண்ணப்பிக்க அன்றிலிருந்து 18 மாதம், 2023 டிசம்பர் வரைதான். அதன்பிறகு அந்த அடிப்பாகத்தை யாரும் செய்யலாம், ராயல்டி கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் சான்றிதழ் லேமினேஷனுக்குள் புதிதாகவே இருக்கும்.

டிரேட்மார்க் இந்த விஷயத்தில் கொஞ்சம் தைரியம் தரும். ஒருமுறை புதுப்பித்தால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். சட்டமும் அதற்குச் சாதகம். 1999 டிரேட்மார்க் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, மறுத்து நிரூபிக்கும்வரை பதிவு செல்லும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். பேட்டண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆய்வு செய்து கொடுத்ததாலேயே அது செல்லும் என்று உத்தரவாதம் இல்லை என்று 1970 சட்டத்தின் 13-ஆம் பிரிவே சொல்கிறது. பித்தளைப் பாத்திரத் தொழில் தொடர்பான பேட்டண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றமும் 1978-இல் இதை உறுதி செய்தது. அந்த அடிப்பாகம் முன்பே சந்தையில் இருந்தது என்று காட்ட முடிந்தால், உயிரோடிருக்கும் பேட்டண்டும் கவிழும்.

ஆனால் டிரேட்மார்க் சான்றிதழில் வேறு இடத்தில் இடறும். வகுப்பு எண்ணைப் பாருங்கள். தோல் பை, பர்ஸ் எல்லாம் வகுப்பு 18. செருப்பு, ஷூ வகுப்பு 25. வந்தவரிடம் 18 மட்டும் இருந்தால், அந்தப் பெயரில் செருப்பு செய்ய உங்களுக்கு உரிமம் கொடுப்பதற்கு அந்தச் சான்றிதழ் போதாது. வேறொருவர் செருப்புக்கு அதே பெயரை வைத்தால், வாங்குபவர் குழம்புவார் என்று இவர்தான் தனியாக நிரூபிக்கவேண்டும்.

இன்னொன்று பழைய பயன்பாடு. குடியாத்தத்தில் ஒரு கடை அதே பெயரில் 2009-லிருந்து தொடர்ந்து பில் போட்டுவருகிறது, இவர் 2016-இல்தான் விண்ணப்பித்தார், அதற்குமுன் அந்தப் பெயரைப் பயன்படுத்தவும் இல்லை என்றால், 34-ஆம் பிரிவுப்படி அந்தக் கடையை இவரால் தடுக்க முடியாது.

இதையெல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம், காசு இல்லை. ipindia.gov.in போய், டிரேட்மார்க் நிலவரப் பக்கத்தில் சான்றிதழில் உள்ள எண்ணை அடியுங்கள். Registered என்று வரவேண்டும். Objected, Opposed, Formalities Chk Pass என்று வந்தால் கையில் இருப்பது வெறும் விண்ணப்பம்தான். அப்புறம் உரிமையாளர் பெயர், வகுப்பு, எதுவரை செல்லும் என்ற தேதி, எப்போதிலிருந்து பயன்பாடு என்ற வரி, இந்த நான்கையும் நிதானமாகப் படியுங்கள். பயன்பாட்டு வரியில் Proposed to be used என்றிருந்தால் விண்ணப்பித்த நாளில் அந்தப் பெயர் சந்தைக்கே வரவில்லை என்று பொருள்.

பேட்டண்டுக்கு அதே தளத்தில் InPASS தேடல். விண்ணப்ப எண்ணைக் கொடுத்து, நிலவரப் பக்கத்திலிருந்து மின் பதிவேட்டைத் திறந்தால் Inforce என்று சட்டநிலை தெரியும், அடுத்த கட்டணத் தேதியும் தெரியும். இரண்டில் எந்தப் பதிவேட்டிலாவது உரிமையாளர் இடத்தில் வந்தவர் பெயர் இல்லாமல் வேறு பெயர் இருந்தால், அவர் கையில் உரிமை மாற்றப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால் டிரேட்மார்க்குக்கு, வகுப்பு சரியாக இருந்தால், பணம் கொடுக்கலாம். பேட்டண்டுக்கு மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்கவேண்டாம். ஆண்டுக் கட்டணத்தை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கட்டிய ரசீது வந்தபிறகுதான் அந்த ஆண்டின் ராயல்டி என்றும் எழுதுங்கள்.