அசைக்ளோவிர், விடாரபின், பென்சிக்ளோவிர்: முதல் பாஸ்பேட்டை ஒட்டுவது யார்?

அப்பாவுக்கு விலாவில் அக்கி வந்தபோது மருத்துவர் இரண்டு மாத்திரைகளைச் சொல்லி, எதுவானாலும் சரி என்றார். ஒன்று அசைக்ளோவிர் குடும்பம், மற்றொன்று ஃபாம்சிக்ளோவிர். மருந்தாளுநர் வேலையில் இருப்பதால் தேர்வை என்னிடமே விட்டார். நான் அசைக்ளோவிர் பக்கம்தான் போனேன். விலையும், எத்தனை வேளை என்பதும் எல்லோரும் பார்ப்பவை, அவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இந்த மருந்தின் மேல் எனக்குள்ள நம்பிக்கைக்குக் காரணம் வேறு. நோயில்லாத செல்லுக்குள் போனால் இது ஏறக்குறைய எதுவுமே செய்யாமல் திரும்பி வந்துவிடும்.

முதலில் பழைய போட்டியாளர்களைப் பார்த்துவிடலாம். அக்கியைத் தரும் வைரஸும் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிராக முதலில் வந்தது ஐடாக்ஸூரிடின். 1960-களின் தொடக்கத்தில் கண்ணின் கருவிழியில் வரும் ஹெர்பிஸ் புண்ணுக்குச் சொட்டு மருந்தாகப் பயன்பட்டது. டிஎன்ஏ-வின் நான்கு கட்டைகளில் ஒன்றான தைமிடினைப் போலவே இருக்கும், ஒரு மூலையில் மட்டும் அயோடின். வைரஸின் டிஎன்ஏ-வில் புகுந்து அதைக் கெடுக்கும். சிக்கல் என்னவென்றால், நம் செல்லும் அதைத் தைமிடின் என்றே நம்பித் தன் டிஎன்ஏ-விலும் சேர்த்துக்கொள்ளும். அதனால் கண்ணில் போடலாம், உடம்புக்குள் செலுத்தினால் எலும்பு மஜ்ஜை அடிவாங்கும். அடுத்து வந்த விடாரபின் கொஞ்சம் மேல். இரத்தக் குழாய் வழியாகக் கொடுக்க முடிந்தது, மூளையைத் தாக்கும் ஹெர்பிஸ் நோயில் உயிர்களைக் காப்பாற்றவும் செய்தது. ஆனால் அதையும் செயலுக்குத் தயாராக்குவது நம் செல்களின் சொந்த நொதிகளே. நோயுள்ள செல், நோயில்லாத செல் என்ற பாகுபாடு அதற்குக் கிடையாது.

இங்கேதான் அசைக்ளோவிர் தனித்து நிற்கிறது. இந்த வகை மருந்துகள் எதுவும் விழுங்கிய வடிவில் வேலை செய்வதில்லை. மூன்று பாஸ்பேட்கள் வரிசையாக ஒட்டிய பிறகுதான் டிஎன்ஏ கட்டும் நொதியின் கண்ணில் படும். அந்த மூன்றில் முதலாவதை யார் ஒட்டுகிறார்கள் என்பதே என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அப்பாவின் விலா நரம்பை ஒட்டி அடுத்தடுத்து இரண்டு செல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கிறது, மற்றதில் இல்லை. இரத்தத்தில் வரும் அசைக்ளோவிர் இரண்டுக்குள்ளும் ஒரே மாதிரிதான் நுழைகிறது. வைரஸ் இல்லாத செல்லிலும் தைமிடின் கைனேஸ் என்ற நொதி இருக்கலாம், பாஸ்பேட் ஒட்டுவதே அதன் தொழில். ஆனால் அது மிகவும் பிடிவாதமானது. தைமிடினும் அதன் நெருங்கிய உறவுகளும் தவிர வேறெதையும் தொடாது. அசைக்ளோவிரோ குவானோசின் என்ற வேறு கட்டையின் சாயலில் செய்யப்பட்டது. வேறு நொதிகள் வழியாகச் சொற்ப அளவுக்குப் பாஸ்பேட் ஒட்டத்தான் செய்கிறது, ஆனால் அது பொருட்படுத்தத் தக்கதல்ல. மீதி மருந்து வந்த வழியே வெளியேறி, சிறுநீரகம் வழியாகப் போய்விடும்.

பக்கத்துச் செல்லில் கதையே வேறு. வைரஸ் தன் மரபணுவிலிருந்து தனக்கென ஒரு தைமிடின் கைனேஸைச் செய்து வைத்திருக்கிறது. பெயர்தான் ஒன்று, குணம் வேறு. அதன் பிடிப்பிடம் தாராளமானது, தைமிடின் மட்டுமின்றிப் பல வகைக் கட்டைகளையும் ஏற்கும். குவானோசின் சாயலில் வரும் அசைக்ளோவிரையும் பிடித்து முதல் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. பாஸ்பேட் ஒட்டியதும் மூலக்கூறுக்கு எதிர்மின் ஏற்றம் வந்துவிடுவதால் கொழுப்பாலான செல் சவ்வைக் கடந்து வெளியே போக முடியாது, உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு இரண்டாவது, மூன்றாவது பாஸ்பேட்டை நம் செல்லின் சொந்த நொதிகளே ஒட்டுகின்றன. அவை அவ்வளவு கறார் பார்ப்பதில்லை. மூன்று பாஸ்பேட்டும் ஒட்டிய வடிவம்தான் ட்ரைபாஸ்பேட். ஹெர்பிஸ் தாக்கிய செல்லில் சேரும் ட்ரைபாஸ்பேட்டின் அளவு, தாக்காத செல்லில் இருப்பதைப் போல 40 முதல் 100 மடங்கு. ஆய்வாளர் கெர்ட்ரூட் எலியனும் அவருடன் பணியாற்றியவர்களும் பரோஸ் வெல்கம் ஆய்வகத்திலிருந்து 1977-ல் வெளியிட்ட கட்டுரையின் மையமே இந்தத் தேர்ந்தெடுக்கும் தன்மைதான். எலியனுக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸ் ஏன் தனக்கே ஆபத்தான ஒரு நொதியைச் சுமந்து திரிகிறது? அது குடியிருக்கும் இடத்தைப் பார்த்தால் புரியும். ஹெர்பிஸும் அக்கி வைரஸும் நரம்புச் செல்லில் தங்குபவை. நரம்புச் செல் பிரிந்து பெருகுவதில்லை. பெருகாத செல்லுக்கு டிஎன்ஏ-வுக்கான கட்டைகளைக் குவித்து வைக்கும் அவசியமும் இல்லை, அதற்கான கைனேஸும் அங்கே மிகக் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் டிஎன்ஏ-வைப் படியெடுக்க வேண்டுமென்றால் கிடைத்த கட்டையையெல்லாம் ஏற்கும் ஒரு நொதியைக் கையோடு கொண்டுவர வேண்டும். அந்தத் தாராளம்தான் மருந்துக்கு வாசலாகிறது.

இனி அது டிஎன்ஏ-வை நிறுத்தும் விதம். டிஎன்ஏ சங்கிலியைக் கட்டும் பாலிமரேஸ் ஒவ்வொரு கட்டையாக எடுத்து நுனியில் கோர்க்கும். ஒவ்வொரு கட்டையின் சர்க்கரை வளையத்திலும் அடுத்த கட்டை வந்து பற்றிக்கொள்ள ஒரு ஹைட்ராக்சில் இருக்கும். பூத்தொடுக்கும்போது அடுத்த பூவைக் கட்ட மிச்சம் விடும் நூல் நுனி மாதிரி. அசைக்ளோவிரில் அந்தச் சர்க்கரை வளையம் முழுதாக இல்லை, ஒரு சிறு வால் மட்டுமே உண்டு. பாஸ்பேட் ஒட்டும் முனை அதில் இருக்கிறது, அடுத்த கட்டை பற்றும் ஹைட்ராக்சில் இல்லவே இல்லை. வைரஸ் பாலிமரேஸ் இதை உண்மையான குவானின் கட்டை என்று எடுத்துச் சங்கிலியில் சேர்த்ததும் சங்கிலி அங்கேயே முடிந்துவிடுகிறது.

பலர் இதோடு விளக்கத்தை நிறுத்திவிடுவார்கள். ஆனால் இன்னொரு படி இருக்கிறது, எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. சங்கிலி முடிந்த பிறகும் பாலிமரேஸ் விலகிப் போய்விடுவதில்லை. வழக்கம்போல அடுத்த கட்டையைப் பிடித்து வைக்கிறது, ஆனால் அதைக் கோர்க்க இடமில்லை. அந்த நிலையில் நொதி, முடிந்துபோன சங்கிலி, அடுத்த கட்டை மூன்றும் இறுக்கமாகப் பூட்டிக்கொள்கின்றன. ரியர்டன், ஸ்பெக்டர் என்ற ஆய்வாளர்கள் 1989-ல் இதை விளக்கினார்கள். வைரஸ் பாலிமரேஸுக்குத் தவறான கட்டையை வெட்டி எடுக்கும் திறன் உண்டு, ஆனால் அசைக்ளோவிர் நுனியை அதனால் சரிவர அகற்ற முடிவதில்லை. ஆக, ஒரு மூலக்கூறு ஒரு சங்கிலியை மட்டுமல்ல, ஒரு பாலிமரேஸையும் முடக்குகிறது. நம் செல்லின் பாலிமரேஸ் இந்த ட்ரைபாஸ்பேட்டை அவ்வளவு எளிதாக ஏற்பதில்லை என்பது இரண்டாவது காவல். ஆனால் முதல் காவலே பெரும்பாலான வேலையை முடித்துவிடுகிறது.

இந்த வேறுபாடு நோயாளிகளிடமும் தெரிந்தது. மூளை ஹெர்பிஸ் நோயாளிகளிடம் விடாரபினையும் அசைக்ளோவிரையும் ஒப்பிட்டு விட்லி என்ற ஆய்வாளரின் குழு 1986-ல் வெளியிட்ட முடிவில், விடாரபின் பெற்றவர்களில் 54 சதவீதமும் அசைக்ளோவிர் பெற்றவர்களில் 28 சதவீதமும் இறந்தார்கள். முழுப் பெருமையும் முதல் பாஸ்பேட்டுக்குத்தான் என்று சொல்ல மாட்டேன். விடாரபின் நீரில் சரியாகக் கரையாது, நிறையத் திரவத்தோடு செலுத்த வேண்டும், உடம்பில் சீக்கிரமே வீரியம் குறைந்த பொருளாகவும் மாறிவிடும். அவையும் சேர்ந்தே அந்த வித்தியாசம் வந்திருக்கும்.

ஃபாம்சிக்ளோவிர் நேர்மையான போட்டியாளர். உடம்புக்குள் அது பென்சிக்ளோவிராக மாறுகிறது, அதற்கும் முதல் பாஸ்பேட்டை வைரஸ் நொதியே ஒட்ட வேண்டும். அதன் ட்ரைபாஸ்பேட் ஹெர்பிஸ் தாக்கிய செல்லுக்குள் 10 முதல் 20 மணி நேர அரை ஆயுளோடு தங்குகிறது. அசைக்ளோவிருடையது ஒரு மணி நேரம் போல. கேட்டவுடன் ஃபாம்சிக்ளோவிர்தான் மேல் என்று தோன்றும். ஆனால் பென்சிக்ளோவிரின் வாலில் அந்த ஹைட்ராக்சிலுக்கு ஈடானது இருக்கிறது, எனவே சங்கிலி கட்டாயம் முடிந்துவிடும் என்பதில்லை. பாலிமரேஸோடு அதன் பிடிப்பும் பலவீனம். கூட்டிக் கழித்தால் அக்கியில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே வேலை செய்கின்றன. என் சாய்வுக்குக் காரணம் அசைக்ளோவிருக்கு இருக்கும் நீண்ட அனுபவப் பதிவு.

அசைக்ளோவிரின் குறை வயிற்றில் இருக்கிறது. விழுங்கியதில் 15 முதல் 20 சதவீதம்தான் இரத்தத்தில் சேரும், அதனால்தான் அக்கிக்கு 800 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை. வயதானவருக்கு ஐந்து வேளை என்பது சரிப்படாது. எனவே அப்பாவுக்கு வாலாசைக்ளோவிர் வாங்கினேன், 1 கிராம் மூன்று வேளை, ஏழு நாள். அதுவும் அசைக்ளோவிர்தான், வேலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டியிருப்பார்கள். குடலைத் தாண்டியதும் அது கழன்றுவிடும், பாதிக்கு மேல் இரத்தத்துக்குப் போய்ச் சேரும். வாங்குமுன் கிரியாட்டினின் பரிசோதனை செய்தோம். சிறுநீரகம் பழுதாக இருந்தால் மருந்து தேங்கிக் குழப்பம், உளறல், கைநடுக்கம் வரை போகலாம், அளவைக் குறைத்தே ஆக வேண்டும். தண்ணீரும் நன்றாகக் குடிக்க வேண்டும். குறிப்பாக ஊசியாகப் போகும்போது சிறுநீரகக் குழாய்களில் படிகமாக உறையக்கூடும்.

செயல்முறையே இன்னொரு வரம்பையும் சொல்கிறது. வைரஸ் நரம்பு முடிச்சில் உறங்கும்போது கைனேஸையும் செய்வதில்லை, டிஎன்ஏ-வையும் படியெடுப்பதில்லை. அப்போது அசைக்ளோவிருக்குப் பிடிப்பே இல்லை. அதனால் இந்த மருந்து வைரஸை வேரோடு அகற்றாது. படியெடுத்தல் உச்சத்தில் இருக்கும்போதே, அதாவது கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள், தொடங்கினால்தான் முழுப் பயன். நம் ஊரில் அக்கி எழுதப் போய், ஆறுமா என்று காத்திருந்து, நான்கைந்து நாள் கழித்து மருத்துவரிடம் வருபவர்களை நிறையப் பார்க்கிறேன். எழுதுவது உங்கள் விருப்பம், ஆனால் மாத்திரையை அன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.

மருந்துக்கு எதிர்ப்பு வரும் வழியும் அதே நொதிதான். ஹெர்பிஸில் எதிர்ப்பு பெற்ற வைரஸ்களில் பெரும்பாலானவை கைனேஸைத் தொலைத்தவை. நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களிடம் இது அபூர்வம். உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், எச்ஐவி முற்றியவர்களிடம், சரியான அளவில் ஒரு வாரம் பத்து நாள் கொடுத்தும் புண் ஆறாவிட்டால் சந்தேகிக்க வேண்டும். கைனேஸ் இல்லாத வைரஸுக்கு ஃபாம்சிக்ளோவிருக்கு மாறியும் பயனில்லை, அதற்கும் அதே வாசல்தானே. அங்கே ஃபாஸ்கார்நெட் வேண்டும். பாஸ்பேட் ஒட்டத் தேவையின்றிப் பாலிமரேஸை நேரடியாகத் தடுப்பது அது, ஆனால் சிறுநீரகத்துக்குக் கடினமானது. அதை நான் கையாண்டது மிகக் குறைவு, எனவே அளவு பற்றி எழுதவில்லை. ஆனால் கைனேஸைத் தொலைத்த வைரஸால் நரம்பிலிருந்து மறுபடி எழுவது சிரமம். அந்தப் புண் ஆறிய பிறகு அடுத்த முறை கிளம்புவது பெரும்பாலும் நரம்பு முடிச்சில் தங்கியிருந்த பழைய வைரஸே, அது அசைக்ளோவிருக்கு மீண்டும் கட்டுப்படும்.