மூக்கா, கடிகாரமா? மீந்த சாதத்துக்கு எதை நம்பலாம்

மதியம் வடித்த சாதம் இரவில் மீந்திருந்தால், எங்கள் வீட்டில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பதும், ஒரு பருக்கையை வாயிலிட்டுப் பார்ப்பதும்தான் நெடுநாள் வழக்கம். இரண்டு ஆண்டுகளாக அந்த வழக்கத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறோம். கோடைநாள் ஒன்றில், மதியம் 12 மணிக்கு வடித்து மேடையிலேயே இருந்த சாதத்தை இரவு 8 மணிக்கு முகர்ந்து, மணம் மாறவில்லை என்று தாளித்துச் சாப்பிட்டோம். 11 மணிக்குள் மூவருக்கு வாந்தி. ஆய்வகத்தில் சோதிக்கவில்லை என்பதால் சாதம்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் நேரக் கணக்கு பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் நஞ்சுக்கு அப்படியே பொருந்துகிறது. அதனால் வரும் வாந்தி பெரும்பாலும் 1 முதல் 6 மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும்.

மூக்கு முற்றிலும் பயனற்றதன்று. ஊசிப்போன வாடை அடித்தாலோ, நூல் விட்டாலோ, யோசிக்காமல் கொட்டிவிடலாம். வாடை இல்லாததைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்வதில்தான் தவறு இருக்கிறது. வாடையைத் தருபவை உணவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள். அவற்றில் பெரும்பாலானவை கொதியிலேயே மடிந்துவிடுகின்றன. அரிசியோடு வந்த பேசில்லஸ் சீரியஸின் வித்துகளோ கொதியைத் தாங்கி நின்று, சாதம் ஆறி வெதுவெதுப்பாகும்போது போட்டியில்லாமல் முளைத்துப் பெருகுகின்றன. அவை உண்டாக்கும் செரியூலைடு என்ற நஞ்சுக்கு மணமோ சுவையோ இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது இதற்கு அடுத்த செய்திதான். "நன்றாகச் சூடு பண்ணினால் சரியாகிவிடும்" என்று அம்மா சொல்வார், நானும் நம்பியிருந்தேன். பாக்டீரியா சாகும், உண்மைதான். ஆனால் செரியூலைடு 121 டிகிரி வெப்பத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்தாலும் அழிவதில்லை. பிரஷர் குக்கரே ஏறத்தாழ அந்த வெப்பத்தைத்தான் எட்டும் என்னும்போது, வாணலியில் ஐந்து நிமிடம் கிளறுவதால் நஞ்சு போகாது. ஆகவே நஞ்சு உண்டாகுமுன் தடுப்பது ஒன்றே வழி. அதற்கு மூக்கால் உதவ முடியாது, நேரத்தால் முடியும்.

கணக்கு எளிது. சமைத்த உணவு வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். பிறகு 5 டிகிரிக்குக் கீழே உள்ள குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். குண்டானோடு உள்ளே வைத்தால் நடுச்சாதம் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும் என்பதால், அகலத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி ஆறவிட்டு, டப்பாவில் நேரம் எழுதி ஒட்டிவிடுகிறோம்.

கடிகாரத்தை நம்பினால், கெடாத உணவும் சில நாள் குப்பைக்குப் போகிறது. அது உறுத்தத்தான் செய்கிறது. இப்போது ஒரு ஆழாக்கு குறைத்தே உலை வைக்கிறோம். நீரூற்றிப் புளிக்கவைக்கும் பழைய சோற்றில் அமிலம் உருவாவதால் அதன் கணக்கு வேறு. அதை நான் அளந்து பார்த்ததில்லை என்பதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.