‘இணைப்பு கிடைக்கவில்லை’: ஒரு சின்ன அறிவிப்போடு இரண்டு வருஷம்

நான் சிங்கப்பூரில், காக்கி புக்கிட்டில் ஒரு சின்ன ஏர்கான் சர்வீஸ் கம்பெனியில் ஆபரேஷன்ஸ் பார்க்கிறேன். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலைத் தாள், சைட் போட்டோ, ஆர்ஏ என்று நாங்கள் சொல்லும் அபாய மதிப்பீட்டுப் படிவம், எல்லாம் ஒரு உள் ஆப்பில் மெசேஜோடு ஒட்டித்தான் போகும். அப்போதெல்லாம் ஒட்டின ஃபைல் 90 நாளில் தானாக அழிந்துவிடும். அழிந்த பிறகு அந்த இடத்தில் என்ன எழுத்து தெரிய வேண்டும் என்பதுதான் விஷயம். இரண்டே வரிதானே, ஒரு மதியத்தில் முடிகிற வேலை என்று நினைத்துத்தான் நான் கையில் எடுத்தேன். 2024 ஏப்ரலில் இருந்து அந்த வரிகளை மூன்று தடவை மாற்றியாகிவிட்டது.

முதலில் இருந்தது இது: ‘இணைப்பு கிடைக்கவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்.’ ஆங்கில வாசகத்தை யாரோ அப்படியே தமிழில் போட்டிருந்தார்கள், கீழே சிவப்பில் ஒரு பட்டன். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது.

2024 ஏப்ரல் 9, செவ்வாய். மறுநாள் ஹரி ராயா விடுமுறை, அதற்குள் வேலையை முடித்துக் கொடுங்கள் என்று வாடிக்கையாளர் கேட்டிருந்தார். எங்கள் தம்பி ஒருவர் காலை 8.40-க்கு அந்தக் கட்டடத்தின் லோடிங் பே வாசலில் நிற்கிறார், ஏணியும் கேஸ் சிலிண்டரும் வேனில் இருக்கின்றன, காவலாளி ஆர்ஏ கேட்கிறார். ஜனவரி 10-ஆம் தேதி இதே கட்டடத்துக்கு வந்தபோது அனுப்பின ஆர்ஏ ஆப்பில் இருக்கிறதே என்று தம்பி திறக்கிறார். ‘இணைப்பு கிடைக்கவில்லை.’ சரி, சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று சாலை வரைக்கும் நடந்து போய் ‘மீண்டும் முயற்சி’யை அழுத்துகிறார், வைஃபை கேட்டு வாங்கி அழுத்துகிறார், போனை அணைத்துப் போட்டு அழுத்துகிறார். எனக்கு அழைப்பு வந்தபோது மணி 9.25. “அண்ணே, இங்க லைன் சரியில்லண்ணே” என்றார். லைன் நன்றாகத்தான் இருந்தது, ஃபைல்தான் இல்லை.

தமிழில் ‘இணைப்பு’ என்றால் மெயிலோடு ஒட்டிய கோப்பும் இணைப்பு, இணையத் தொடர்பும் இணைப்பு, சொடுக்குகிற சுட்டியையும் பலர் இணைப்பு என்றே சொல்கிறார்கள். வாசலில் நிற்கிற ஆளுக்கு அதில் எது முதலில் தோன்றும்? போனில் ‘இணைப்பு இல்லை’ என்றால் நெட் இல்லை, வேறு என்ன. இங்கிலீஷில் மூன்றும் தனித்தனிச் சொல் என்பதால் எங்களுக்கு ஆப் செய்து தருகிறவருக்கு இந்தக் குழப்பம் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அன்றைக்கே அந்தச் சொல்லைத் தூக்கினோம். எல்லா இடத்திலும் ‘ஃபைல்’. கோப்பு என்றே வைக்கலாம் என்று எனக்கு ஆசை இருந்தது, ஆனால் ஆட்கள் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை.

அடுத்து ‘காலாவதியானது’ என்று போட்டுப் பார்த்தோம். காரணமும் சொன்ன மாதிரி ஆகிறது, ஒரே சொல்லிலும் முடிகிறது. ஃபைல் பெயரில் ‘permit’ என்று இருந்தது, பக்கத்திலேயே ‘காலாவதியானது’. படித்த ஒருவர் தன் வேலை பெர்மிட்தான் முடிந்துவிட்டது என்று பயந்து மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஆபீசுக்கு வந்து நின்றார். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவருக்கு அந்தச் சொல் வேறு மாதிரி கேட்கும் என்பது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். அதையும் தூக்கிவிட்டு, ‘90 நாள் ஆனதால் தானாக அழிக்கப்பட்டது’ என்று நீட்டியே எழுதினோம்.

நீட்டினால் வேறு சிக்கல். மெசேஜ் பட்டியலில் ஒரு வரிதான் தெரியும், மீதி மூன்று புள்ளியாகிவிடும். தமிழில் இல்லை, முடியாது, அழிந்தது எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அதனால் ‘நீங்கள் திறக்க முயன்ற ஃபைல் இப்போது இங்கே இல்லை’ என்பது பட்டியலில் ‘நீங்கள் திறக்க முயன்ற ஃபைல் இப்போது…’ என்று நின்றது. ஏதோ ஃபைல் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக் காத்திருந்தவர்கள் உண்டு. எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிற அண்ணன்மாருக்கு இன்னும் மோசம், இரண்டு சொல்லோடு வெட்டிவிடும். இப்போது எந்த அறிவிப்பாக இருந்தாலும் முதல் இரண்டு சொல் ‘ஃபைல் இல்லை’. காரணம், தேதி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வாசகத்தை மட்டும் திருத்தி ஒரு புண்ணியமும் இல்லை என்பது பேஸ்மென்ட் இரண்டில் தெரிந்தது. அங்கே உண்மையிலேயே சிக்னல் கிடையாது, ஃபைல் சர்வரில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் ஆப் அங்கேயும் ‘ஃபைல் இல்லை, அழிக்கப்பட்டது’ என்றே சொன்னது. ஏனென்றால் ஃபைல் வராத எல்லாச் சந்தர்ப்பத்துக்கும் ஒரே திரைதான் இருந்தது. சர்வர் பக்கமும் அழிந்த ஃபைலுக்கு வெறும் 404 கொடுத்துக்கொண்டிருந்தது. 404 என்றால் இங்கே எதுவும் கிடைக்கவில்லை என்பதோடு சரி. தற்காலிகமா, நிரந்தரமா என்று அது சொல்லாது. 410-க்கு அர்த்தமே ‘முன்பு இருந்தது, இனி வராது’ என்பது. அதனால் ஃபைலை அழித்தாலும் அதன் பதிவை டேட்டாபேஸில் விட்டுவைத்து, ஏன் போனது, எப்போது போனது என்று சொல்ல வைத்தோம்:

```
HTTP/1.1 410 Gone

{"reason": "expired",
 "expired_at": "2024-04-09T00:00:00Z"}
```

இந்த 410 வந்தால் மட்டும்தான் ‘ஃபைல் இல்லை’ திரை. பதிலே வரவில்லை என்றாலோ, சர்வர் கோளாறு என்றாலோ ‘இப்போது எடுக்க முடியவில்லை, ஃபைல் பத்திரமாக இருக்கிறது’ என்று வேறு திரை. ‘மீண்டும் முயற்சி’ பட்டன் அங்கே மட்டும். கொஞ்சம் யோசித்தால், பேஸ்மென்டில் இருக்கிற போனுக்கு ஃபைல் பத்திரமாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? தெரியாதுதான். பிறகு அந்த இரண்டாவது பாதியை எடுத்துவிட்டு ‘சிக்னல் உள்ள இடத்தில் திறந்து பாருங்கள்’ என்று மாற்றினோம். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதி நாங்களே மாட்டிக்கொண்ட இடம் அது.

மேலே இருக்கிற அந்த நேரத்தைக் கவனித்தீர்களா? கடைசியில் இருக்கிற Z என்றால் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். அதில் நள்ளிரவு என்றால் சிங்கப்பூரில் காலை 8 மணி. ஜனவரி 10-இலிருந்து 90 நாள் எண்ணினால் ஏப்ரல் 9 வருகிறது, மெசேஜிலும் ‘ஏப்ரல் 9 வரை’ என்றுதான் போட்டிருந்தது. தம்பி ஏப்ரல் 9 காலை 8.40-க்குத் திறந்தார். நாற்பது நிமிஷத்துக்கு முன்னால் ஃபைல் போய்விட்டது. ‘வரை’ என்று எழுதினால் அந்த நாள் முழுக்கச் சேர்த்தி என்றுதான் யாரும் படிப்பார்கள். இப்போது கணக்கு சிங்கப்பூர் நேரப்படி, அந்த நாளின் இரவு 11.59 வரைக்கும் ஓடுகிறது. அப்புறம் இன்னொரு கூத்து: எங்கள் சர்வீஸ் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஃபைல் ஆயுள் 90 நாள். அடுத்த தடவை அதே கட்டடத்துக்குப் போகிற நாளில்தான் போன தடவை அனுப்பினது சரியாக அழிகிறது! அந்த 90-ஐ யார் எதற்காக வைத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. இப்போது 120.

ஆனால் உண்மையில் தம்பிக்கு அன்றைக்கு வேண்டியது காரணம் இல்லை, ஆர்ஏ. அபாய மதிப்பீட்டுப் பதிவை இங்கே குறைந்தது மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் அசல் எப்போதும் ஆபீஸ் ஃபோல்டரில் இருக்கும். ஆப்பில் அழிந்தது ஒரு நகல்தான். பழைய அறிவிப்பைப் படித்தால் ஆவணமே தொலைந்த மாதிரி இருக்கும். அதனால் மூன்றாவது திருத்தத்தில் முக்கால்வாசி நேரம் பட்டனில்தான் போனது.

‘அனுப்பியவரிடம் மறுபடி கேளுங்கள்’ என்று முதலில் போட்டோம். எல்லா ஆப்பிலும் அப்படித்தானே இருக்கிறது. எங்கள் விஷயத்தில் அனுப்பின சூப்பர்வைசர் பிப்ரவரியிலேயே வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்குப் போன மெசேஜ்கள் கிணற்றில் போட்ட கல். இப்போது பட்டன் ஆளுக்குப் போவதில்லை, ஆபீஸ் பொதுப்பெட்டிக்குப் போகிறது, அங்கே யார் டியூட்டியோ அவர் பார்ப்பார். ஃபைல் பெயர், அனுப்பின தேதி, எந்தக் கட்டடம் மூன்றும் தானாகவே மெசேஜில் ஏறிவிடும். வாசலில் நிற்கிறவர் டைப் அடிக்க வேண்டியதில்லை. ஆபீஸ் மறுபடி ஏற்றினால் ஃபைல் அதே பழைய மெசேஜில், அறிவிப்பு இருந்த இடத்திலேயே வந்து உட்காரும். இன்றைக்குத் திரையில் இருப்பது:

ஃபைல் இல்லை: RA_Aircon_Block_B.pdf
ஜனவரி 10-இல் வந்தது. நாள் முடிந்ததால் தானாக அழிக்கப்பட்டது. உங்கள் போனில் கோளாறு இல்லை. அசல் ஆபீசில் இருக்கிறது.
பட்டன்: ஆபீசில் கேட்க
அதன் கீழே சின்னதாக: அவசரமா? போன் செய்யுங்கள்

‘உங்கள் போனில் கோளாறு இல்லை’ என்ற வரி தேவையா என்று பெரிய சண்டை நடந்தது. நான் விடவில்லை. அது வந்த பிறகுதான் போனை அணைத்துப் போட்டுப் பார்க்கிற பழக்கம் நின்றது. ‘அசல் ஆபீசில் இருக்கிறது’ என்ற வரி மட்டும் ஆர்ஏ, வேலைத் தாள் இரண்டுக்கும்தான் வரும், ஏனென்றால் சைட் போட்டோவுக்கு அசல் என்று ஆபீசில் எதுவும் கிடையாது. சிவப்பையும் எடுத்துவிட்டோம், சாம்பல் பின்னணியில் கருப்பு எழுத்து. வெயிலில் படிக்க முடிகிறது.

இன்னும் உறுத்துவது ஃபைல் பெயர். அழிந்த பிறகும் பெயரைக் காட்டுவதால்தான் எது போனது என்று தெரிகிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஆட்கள் எம்சி என்கிற மருத்துவச் சான்றை ஸ்கேன் செய்து தங்கள் அடையாள எண்ணையே பெயராக வைத்து அனுப்பிவிடுகிறார்கள். தனிநபர் தகவலைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதும் இங்கே சட்டம்தான். ஃபைலை அழித்துவிட்டு எண்ணை மட்டும் மாதக்கணக்கில் குரூப் மெசேஜில் தொங்கவிட்டிருந்தோம். எம்சி வகை என்றால் பெயருக்குப் பதிலாக ‘மருத்துவச் சான்று’ என்று மட்டும் காட்டச் சொல்லியிருக்கிறேன். அதற்கு அனுப்புகிறவர் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதிப் பேர் ‘மற்றவை’ என்பதைத்தான் அழுத்துகிறார்கள்.