மூன்று பேர், ஒரே பிராண்ட்: எழுதிவைத்த ப்ராம்ப்ட் கையேடா, மாதிரிப் படமா?

கோத்தகிரியில் தேயிலைத்தூள், தைலம், தேன் மூன்றையும் ஆன்லைனில் விற்கும் ஒரு சின்னக் கடையை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு படம் தேவை. மூன்று பேர் மாற்றி மாற்றி ஏஐ கருவியில் படம் போடுகிறார்கள். ஒருவர் போட்டால் மஞ்சள் வெளிச்சமும் மெழுகுவர்த்தியுமாக வருகிறது, இன்னொருவருடையது சுற்றுலா போஸ்டர் மாதிரி பளபளக்கிறது, மூன்றாமவருடையது கார்ட்டூன். பக்கத்தைத் திறந்து பார்த்தால் மூன்று கடை ஒரே பெயரில் நடப்பது போலிருக்கும்.

இதைச் சரிசெய்ய நடைமுறையில் மூன்று வழி உண்டு. ப்ராம்ப்ட் எப்படி எழுத வேண்டும் என்று ஒரு பக்கக் கையேடு எழுதி எல்லோரும் அதையே பின்பற்றுவது ஒன்று. மாதிரிப் படத்தையோ, ஒரு சாயலைக் குறிக்கும் ஸ்டைல் எண்ணையோ ஒவ்வொரு ப்ராம்ப்டோடும் சேர்ப்பது இன்னொன்று. மிட்ஜர்னி என்ற கருவியில் இதற்கு `--sref` என்று பெயர். சொந்தப் படங்களை வைத்து லோரா என்ற சின்னத் துணை மாடலைப் பயிற்றுவிப்பது மூன்றாவது. மலைக்கடை மாதிரி சின்னக் குழுவுக்கு எழுதிய கையேடுதான் சரி என்பது என் கட்சி. மாதிரிப் படம் ஜெயிக்கும் இடமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

லோராவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இருபது, முப்பது நல்ல படம் இருந்தாலே பயிற்றுவிக்கத் தொடங்கலாம், சாயலையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் எந்த மாடலின் மேல் பயிற்றுவித்தோமோ அதோடு அது கட்டிப்போடப்பட்டுவிடும். எஸ்டிஎக்ஸ்எல் என்ற மாடலுக்குச் செய்தது ஃப்ளக்ஸ் என்ற இன்னொன்றில் ஓடாது. மாடல் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. மூன்று பேரில் ஒருவர் அதற்கென்றே உட்கார முடியும் என்றால் யோசிக்கலாம்.

மாதிரிப் படத்தின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிறம், மணற்சாயல், வெளிச்சம் எல்லாம் ஒட்டுமொத்தமாக வந்துவிடும், புதிதாகச் சேர்பவருக்கு ஒரு இணைப்பைக் கொடுத்தால் போதும். கோளாறு என்னவென்றால், சாயலோடு சேர்த்துப் படத்தில் உள்ள பொருளும் கசிந்து வரும். பனி படிந்த தேயிலைச் சரிவை மாதிரியாகக் கொடுத்தால், சமையல் மேடையில் இருக்கும் தேன் பாட்டிலுக்குப் பின்னாலும் மலை முளைக்கும். ஒரே படத்தை நம்பாமல் ஒரு பொருள், ஒரு ஆள், ஒரு இடம் என மூன்று வேறு வேறு படங்களைக் கொடுத்தால் பொதுவாக இருக்கும் சாயல் மட்டும் மிஞ்சும். மாதிரி எவ்வளவு தாக்க வேண்டும் என்று சொல்லும் `--sw` அளவு தானாக 100இல் இருக்கும், அதை 60 பக்கம் இறக்கினால் கசிவு இன்னும் குறையும்.

இனிக் கையேடு. பலரும் கையேடு என்ற பெயரில் வைத்திருப்பது ஒரு அடைமொழி மாலை: அழகான, சினிமாத்தனமான, இதமான, பிரீமியம். இது எதையும் கட்டுப்படுத்தாது, கெடுக்கத்தான் செய்யும். `cinematic` என்றால் ஆரஞ்சும் நீலப்பச்சையுமான நிறப்பூச்சு வந்து நிற்கும். `cozy` என்றால் மெழுகுவர்த்தி, சர விளக்கு, கம்பளிப் போர்வை. ஒவ்வொருவர் எழுதும் பொருளோடு சேரும்போது இவை வெவ்வேறாக விளையும், அதனால்தான் ஒரே சொல்லைப் போட்டும் மூன்று கடை தெரிகிறது. கண்ணால் அளக்க முடிந்ததை மட்டும் எழுத வேண்டும்: வெளிச்சம் எங்கிருந்து, கேமரா எந்த உயரத்தில், பொருள் எவ்வளவு இடம், என்ன நிறம்.

இந்தக் கடைக்கு ஐந்து வரி போதும். முதல் வரி மட்டும் ஆளாளுக்கு மாறும், மற்ற நான்கையும் யாரும் தொடக்கூடாது.

```
[subject], [what it is doing], [place detail]
overcast daylight after rain, thin mist only in far background
eye level, subject fills half the frame, empty space upper left
muted moss green and wet brown, one small spot of brick red
documentary photo, matte, fine grain
```

இரண்டாம் வரியில் `only in far background` என்பதை விட்டுவிட்டால் பனி முன்னால் வந்து படத்தையே சுண்ணாம்பு அடித்துவிடும். நீலகிரிக்காரர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது, பனி இல்லாமல் ஊர் தெரியாது என்று நினைத்து மூன்று இடத்தில் எழுதுவோம். மேல் இடது மூலை காலியாக இருப்பது தமிழ் எழுத்தைப் பிறகு கேன்வாவில் வைப்பதற்கு. தமிழைக் கருவியிடமே எழுதச் சொன்னால் பெரும்பாலும் கொம்பும் காலும் இடம்மாறி வரும். நிறத்துக்கு ஹெக்ஸ் எண் கொடுப்பதையும் நம்ப வேண்டாம்: பல கருவிகள் அதைச் சரியாகப் பின்பற்றாது. துல்லியமான பிராண்ட் நிறம் வேண்டுமானால் எல்லாப் படத்துக்கும் ஒரே நிறத்திருத்த பிரீசெட்டைக் கடைசியில் போட வேண்டும். உண்மையில் பாதி ஒற்றுமை அந்த ஒரு வேலையிலேயே வந்துவிடும்.

சீட் எண்ணைப் பூட்டினால் பிராண்ட் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சீட் என்பது படம் தொடங்கும் தற்செயல் புள்ளிக் கூட்டத்தை, அதாவது இரைச்சலை, மட்டும்தான் பூட்டும். பொருள் மாறினால் படமும் மாறிவிடும். ஒரு சொல்லை மாற்றினால் என்ன ஆகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல உதவி, அவ்வளவுதான்.

கையேட்டில் உயிர்நாடி இந்த ஐந்து வரி இல்லை, அதற்குக் கீழே வரும் ஊர்ச்சொல் பட்டியல். தைலப் படத்தையே பார்ப்போம். முதல் வரியில் இப்படி எழுதினால்:

```
eucalyptus oil bottle on a wooden table
```

வெள்ளைத் துண்டு, உருண்டைக் கூழாங்கல், பக்கத்தில் காசு காசாக வட்ட இலை கோத்த ஒரு கொத்து வரும். ஸ்பா விளம்பரம். அந்த வட்ட இலை பூங்கொத்துக்காரர்கள் வைக்கும் வேறு யூக்கலிப்டஸ். நம் ஊர்க் கற்பூர மரம் யூக்கலிப்டஸ் குளோபுலஸ். அதன் இளங்கன்றில் இலை அகலமாக இருந்தாலும், வளர்ந்த மரத்தில் நீளமாக, அரிவாள் போல வளைந்து தொங்கும். அந்த இலையைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் விற்கும் தைலத்துக்கு வட்ட இலைப் படம் போட்டால் முதல் பார்வையிலேயே பொய் தெரியும். பெயரைச் சொல்லாமல் வடிவத்தைச் சொன்னால் சரியாகும்:

```
small amber oil bottle, standing on a gunny sack,
long narrow sickle-shaped drooping leaves beside it, tin shed wall
```

இதுபோல ஒவ்வொரு சொல்லுக்கும் கருவி என்ன புரிந்துகொள்கிறது, பதிலுக்கு என்ன எழுத வேண்டும் என்று அருகருகே இரண்டு பத்தியில் குறித்துவைக்க வேண்டும். தேயிலைத் தோட்டம் என்றால் ஜப்பானின் உருண்டை வரிசைகள் வரலாம். மேசை போல வெட்டிய தட்டைச் செடி, இடையிடையே நேராக நிற்கும் சில்வர் ஓக் என்று எழுதினால் குன்னூர் பக்கம் வந்துவிடும். கொழுந்து பறிக்கும் பெண் என்றால் தலையில் கூம்புத் தொப்பி ஏறிக்கொள்ளும். 'தொப்பி வேண்டாம்' என்று ப்ராம்ப்டில் எழுதினால் பல கருவிகளில் தொப்பி இன்னும் உறுதியாக வரலாம், ஏனென்றால் அந்தச் சொல்லே தொப்பியை அழைக்கிறது. தலையில் கட்டிய துணி, மேலே ஸ்வெட்டர் என்று இருப்பதை எழுதுங்கள். விலக்க வேண்டியதை `--no` போன்ற தனி இடத்தில் போடுங்கள்.

பட்டியலின் கடைசியில் 'போடவே கூடாது' என்று நான்கைந்து வரி. தோடர் பூத்தையல் அதில் முதலில் வர வேண்டும். வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு கருவி இல்லாத கோலங்களைக் கற்பனை செய்யும், அதைத் தோடர் வேலை என்று காட்டுவது ஏமாற்று. அது வேண்டுமானால் நிஜப் புகைப்படம். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியை வருஷா வருஷம் மலை முழுக்கப் பூக்கவைப்பதும் இதே ரகம். விற்கிற பாக்கெட்டையும் கேமராவில்தான் எடுக்க வேண்டும்.

மாதிரிப் படத்தால் இந்தப் பட்டியல் சொல்வதைச் சொல்ல முடியாது. அது இலையின் நிறத்தைத் தரும், இலை எந்த மரத்துடையது என்று தெரியாது.

என் முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. கருவியின் பதிப்பு மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பதிப்பில் பிடித்த ஸ்டைல் எண் அடுத்த பதிப்பில் அதே படத்தைத் தராது. அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் படிக்க முடியாததால், திருத்தவும் வழியில்லை. புது எண்ணைத் தேடி அலைய வேண்டும். எழுதிய கையேடும் பதிப்பு மாறினால் ஆடும்தான், ஆனால் எந்த வரி ஆடுகிறது என்று கண்டுபிடிக்கலாம்.

அதற்கு ஐந்து சோதனைப் படம் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும்: கிட்டத்தில் ஒரு பாட்டில், வேலை செய்யும் கை, தூரத்து மலை, வீட்டுக்குள் ஒரு மேசை, நாலு பேர் சேர்ந்திருக்கும் காட்சி. பதிப்பு மாறும் நாளில் மூவரும் ஒருவர் படத்தை ஒருவர் பார்க்காமல் இந்த ஐந்தையும் போட வேண்டும். பதினைந்தையும் ஒரே தாளில் கலந்து, போனில் தெரியும் அளவுக்குச் சிறிதாக்கி, வேலையில் சேராத ஒருவரிடம் காட்டுங்கள். எது யார் போட்டது என்று அவர் பிரித்துவிட்டால் முதல் வரி எழுதுவதில் ஆளுக்கொரு பழக்கம் நுழைந்திருக்கிறது. ஆளைப் பிரிக்க முடியவில்லை, ஆனால் கைப் படங்கள் மூன்றும் மஞ்சளாகத் தனித்து நிற்கின்றன என்றால் வெளிச்ச வரி அங்கே பிடிக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றி, அதே சீட்டில் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு வரியை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். ஒரு மதிய வேலைதான். திருத்தியதும் கையேட்டின் தலையில் பதிப்பு எண்ணையும் தேதியையும் எழுதி, பழையதைத் தனியாக எடுத்துவையுங்கள். திருத்தும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும், மற்றவர்கள் கண்ட கோளாறை அவரிடம் சொன்னால் போதும்.

இதெல்லாம் புகைப்படச் சாயலுக்குச் சொன்னது. உங்கள் பிராண்ட் கோட்டோவியமோ நீர்வண்ணமோ என்றால் நான் கட்சி மாறிவிடுவேன். `watercolour` என்ற ஒரு சொல்லுக்குள் நூறு கை இருக்கிறது, கோட்டின் தடிமனையும் நீர் பரவும் விதத்தையும் வாக்கியத்தால் பிடிக்கப் பார்ப்பது நேரவிரயம். அங்கே நீங்களே காசு கொடுத்து ஒரு ஓவியரிடம் வரைந்து வாங்கி, இப்படிப் பயன்படுத்த அவர் சம்மதமும் பெற்ற மூன்று படங்களை மாதிரியாகக் கொடுங்கள். நான்கு நிலையான வரிகளில் வெளிச்ச வரியையும் கடைசி வரியையும் எடுத்துவிடலாம். ஊர்ச்சொல் பட்டியலை மட்டும் அப்போதும் எடுக்க முடியாது, நீர்வண்ணத்திலும் வட்ட இலை வட்ட இலைதான்.