பில் விலை மாறினால் வித்தியாசத்தை மீதிச் சரக்கில் ஏற்றுவதா, விற்றதற்கும் மீதிக்கும் பிரிப்பதா?

புதுச் சரக்கு 100, தலா 10 என்று வரவு வைத்தாயிற்று. 80 விற்றும் போய்விட்டது. அப்புறம் பில் தலா 12 என்று வருகிறது. இந்த 200 வித்தியாசம் எங்கே போகும்?

சராசரி அடக்கவிலை
ஏற்றினால்: மீதி 20-இன் மதிப்பு 200 + 200 = 400, தலா 20. அந்த விலைக்கு யாருமே வாங்கவில்லை!
பிரித்தால்: 40 மட்டும் சரக்கில் சேரும். சராசரி 12.

லாபம்
ஏற்றினால்: விற்ற 80-இல் லாபம் 160 கூடுதலாகத் தெரியும், அடுத்த விற்பனையில் அடிவாங்கும்.
பிரித்தால்: அந்த 160 இப்போதே விற்ற சரக்கின் அடக்கத்தில் சேர்ந்துவிடும்.

வேலை
ஏற்றுவது ஒரே பதிவு. பிரிக்க, இருப்புக் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

பில் வரும்வரை விற்காத சரக்கென்றால் ஏற்றினாலே சரி. வேகமாக விற்பதைப் பிரித்துவிடுங்கள். இருப்பு பூஜ்ஜியமானால் ஏற்ற இடமே இருக்காது.